அம்மம்மாவின் கதை, மெசினின் வசனம்: புத்தகம் ஆருடையது?

2023 ஒக்டோபரில் எலிசா ஷூப் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு நாவலைப் பதிப்புரிமைக்குப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அந்த நாவலை எலன் ரே என்ற புனைபெயரில் அமேசனில் தானே வெளியிட்டிருந்தார். தன்னுடைய வாழ்க்கையையே கதையாக்கியிருந்தார். அதை எழுதும்போது சட்ஜிபிடியை நிறையவே பாவித்தார். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. தனக்கு இருக்கும் உடல், மன இயலாமைகளுக்கு இந்த மென்பொருள் ஒரு துணைக்கருவி என்பதுதான் அவருடைய வாதம். கால் இழந்தவர் செயற்கைக் காலால் நடந்தால் நடந்தது அவர்தானே, அதுபோல.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முதலில் மறுத்துவிட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். 2024 ஏப்ரலில் அலுவலகம் இறங்கி வந்து, முதல் விண்ணப்பித்த திகதியான ஒக்டோபர் 10 இல் இருந்தே செல்லுபடியாகும்படி பதிவைக் கொடுத்தது. பேப்பர்களில் இது வெற்றி என்று வந்தது. ஆனால் அந்தப் பதிவில் எழுதியிருப்பதை நிதானமாக வாசித்தால் கொஞ்சம் தலை சுற்றும். ஷூப் அந்த நாவலை எழுதியவர் என்று அதில் இல்லை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எழுத்தைத் தெரிவு செய்து, இணைத்து, ஒழுங்குபடுத்தியவர் என்றுதான் இருக்கிறது.

நடைமுறையில் இதன் அர்த்தம் என்ன? முழுப் புத்தகத்தையும் அப்படியே எடுத்து இன்னொருவர் அச்சடித்தால் பதிப்புரிமை உள்ளவர் தடுக்கலாம். ஆனால் மெசின் தந்த ஒரு வசனத்தையோ பந்தியையோ ஒருவர் உருவி எடுத்து, வேறு ஒழுங்கில் அடுக்கி, வேறு புத்தகமாகப் போட்டால், அந்த வசனங்களுக்காக அவரால் வழக்காட முடியாது. மாலையின் கட்டு அவருடையது, பூக்கள் அவருடையவை இல்லை.

இந்த விசயத்தை நாங்கள் கிளறத் தொடங்கினதுக்குக் காரணம், எங்களில் ஒருத்தி ஒரு நாவல் கையெழுத்துப் பிரதியோடு வந்து நின்றதுதான். 1995 இடப்பெயர்வில் அவளின்ர அம்மம்மா பட்ட பாடு. போனில பதிஞ்சு வைச்ச அம்மம்மாவின் குரல், அம்மா சொன்னவை, தன் ஞாபகங்கள், எல்லாத்தையும் மென்பொருளுக்குக் குடுத்து, வந்ததைத் திருத்தி, திரும்பக் குடுத்து, இரண்டு வருசமா இராத்திரி இராத்திரியா இருந்து செய்திருக்கிறாள். நாங்கள் சேர்ந்து அச்சடிப்பம் எண்டுதான் யோசனை. எங்களுக்கு முன்னால் வந்த கேள்வி மிகச் சின்னது. இரண்டாம் பக்கத்தில் அந்த © குறிக்குப் பக்கத்தில் என்ன போடுவது?

"என்ர பேரைத்தான். கதை எங்கட. அதுக்கு மெசின் எப்பிடி உரிமை கொண்டாடும்?" எண்டு கேட்டாள்.

மெசின் உரிமை கொண்டாடாது. அது சரி. ஆனால் பிரச்சினை அந்த இடத்தில் இல்லை. மெசினுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை, ஒருவருக்குமே இல்லை என்று ஆகக்கூடிய வசனங்கள் அந்தப் பிரதிக்குள் இருக்கலாம். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

கதை அவளுடையது என்பதில் இருந்து தொடங்குவோம். பதிப்புரிமை, சம்பவங்களையும் கருத்துகளையும் காப்பதில்லை. அவற்றைச் சொன்ன விதத்தை மட்டும்தான் காக்கும். அம்மம்மா நாவற்குழிப் பாலத்தை மழையில் கடந்தார் என்பது நடந்த விசயம். அதை ஆரும் எழுதலாம். அதை எந்தச் சொற்களில், எந்த வரிசையில் சொன்னீர்கள் என்பதுதான் உங்கள் சொத்து. அந்தச் சொற்களைப் பிறப்பித்தது ஒரு மனிதர் இல்லையென்றால், சட்டம் கைவிரித்துவிடுகிறது. அமெரிக்காவில் இது இப்போது நீதிமன்றத்தில் உறுதியான நிலைப்பாடு. ஸ்டீபன் தாலர் என்பவர் தன்னுடைய மென்பொருளையே படைப்பாளராகக் குறிப்பிட்டு ஒரு படத்தைப் பதியக் கேட்டார். 2023 இலும், மேல்முறையீட்டில் 2025 மார்ச்சிலும், படைப்பாளர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

"ஆனா கட்டளை குடுத்தது நான்தானே?" அடுத்த கேள்வி. இதற்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் பதில் சொல்லியிருக்கிறது. கட்டளை மட்டும் போதாது. ஒரே கட்டளையை இரண்டு தரம் கொடுத்தால் இரண்டு வேறு பந்திகள் வரும். அப்படியானால் எந்தச் சொல் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை முடிவு செய்தது நீங்கள் இல்லை. வீடு கட்டுவிக்கிறவர் மேசனிடம் "முன்னுக்கு விறாந்தை வேணும், மூண்டு அறை வேணும்" என்று சொல்வது போலத்தான் கட்டளை. சொன்னவர் வீட்டுக்காரர் ஆகலாம், மேசன் ஆக மாட்டார்.

"இரண்டு வருச உழைப்பு?" அதுவும் கணக்கில் வராது. இது கேட்கக் கொடுமையாக இருக்கும். 1991 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு ரெலிபோன் புத்தக வழக்கு வந்தது. கன்சாஸில் ஒரு சின்ன ரெலிபோன் கொம்பனி தன் வாடிக்கையாளர் பெயர்களையும் இலக்கங்களையும் சேகரித்துப் புத்தகமாகப் போட்டிருந்தது. ஃபைஸ்ட் என்ற இன்னொரு கொம்பனி அவற்றை எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டது. கள்ளனைப் பிடிக்கவென்று முதல் கொம்பனி இடையில் செருகி வைத்திருந்த பொய்ப் பெயர்களில் 4 பெயர்கள் கூட அப்படியே அதில் இருந்தன. பிரதி செய்ததில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஃபைஸ்ட்தான் வென்றது. அகர வரிசையில் பெயர்களை அடுக்குவதில் படைப்பு எதுவும் இல்லை, வியர்வை சிந்தியதற்காகப் பதிப்புரிமை கிடையாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பு ஒரு கதவையும் திறந்து வைத்தது. தெரிவிலும் ஒழுங்கிலும் கொஞ்சமாவது படைப்பு இருந்தால் அந்தத் தெரிவுக்கும் ஒழுங்குக்கும் உரிமை உண்டு. ஷூப்பின் நாவல் முப்பது வருசத்துக்குப் பிறகு உள்ளே போனது அந்தக் கதவால்தான்.

இதையெல்லாம் வாசித்த பிறகு, சும்மா கதைச்சுக்கொண்டிருக்காமல் பிரதியையே எடுத்துப் பார்ப்பம் என்று முடிவு செய்தோம். அவளிடம் மென்பொருளோடு நடந்த உரையாடல்கள் முழுக்கத் திகதியோடு இருந்தன. அதையும் கடைசிப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறப் பேனையால் கோடு போட்டுக்கொண்டு போனோம். மெசின் தந்தது அப்படியே இருந்தால் மஞ்சள். அவள் மாற்றி எழுதியிருந்தால் பச்சை.

முதல் அத்தியாயத்திலேயே இப்படி ஒரு பந்தி. மெசின் தந்தது: "மாலைச் சூரியன் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. பாட்டியின் கண்களில் இனம்புரியாத சோகம் நிழலாடியது." அவள் அதில் மாற்றியது ஒரு சொல். பாட்டி, அம்மம்மா ஆகியிருந்தார். இது மஞ்சள்தான். ஒரு சொல்லை மாற்றினால் வசனம் உங்களுடையது ஆகாது.

ஐந்தாம் அத்தியாயத்தில் மெசின் தந்தது: "மக்கள் தங்கள் உடைமைகளைச் சுமந்தபடி பாலத்தைக் கடந்தனர்." அவளின் பிரதியில் இருந்தது இது: "சனம் நகரேல்ல. அம்மம்மா தையல் மெசினின்ர தலையை மட்டும் கழட்டிச் சாக்கில கட்டித் தலையில வைச்சிருந்தா. முன்னுக்கு நிண்ட வண்டில்காரன் மாட்டை அவிட்டு விட்டிட்டு அழுதான்." இதில் மெசினின் ஒரு சொல் கூட மிஞ்சவில்லை. முழுப் பச்சை. மெசின் வசனம் இல்லாமல் இருந்தாலும் அவள் இதை எழுதியிருப்பாள். உரிமை முழுக்க அவளுக்கு.

அத்தியாயங்களின் ஒழுங்கும் அவளுடையது. மென்பொருள் ஒக்டோபர் 30 இல் தொடங்கிக் காலவரிசையில் போகச் சொல்லியிருந்தது. அவள் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்கிற இடத்தில் தொடங்கி, கிணற்றடி, குசினி, சாமியறை என்று வீட்டின் ஒவ்வொரு இடத்துக்கூடாகவும் பின்னுக்குப் போயிருந்தாள். ஷூப்புக்குக் கிடைத்த உரிமை இந்த வகை.

மஞ்சள் எங்கே கூடுதலாக இருந்தது என்று பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. அம்மம்மாவுக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்த இடமெல்லாம் பச்சை. தெரியாத இடங்களில், முக்கியமாக அம்மம்மா வாய் திறக்காத அந்த முதல் கிழமையில், மஞ்சள் பக்கம் பக்கமாக ஓடியது. அந்தப் பக்கங்களில் குசினி "சமையலறை" ஆகவும், பிளேன்ரீ "தேநீர்" ஆகவும் இருந்தன. ஆக்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். சட்டத்தால் உரிமை கொண்டாட முடியாத பக்கங்களும், வாசிக்கும்போது கை நழுவுகிற பக்கங்களும் அநேகமாக ஒரே பக்கங்களாக இருந்தன.

இனி எங்கட நாட்டுச் சட்டம். ஷூப்பின் கதை அமெரிக்காவில் நடந்தது. எங்களுக்கு உள்ளது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதில் படைப்பாளர் என்றால் படைப்பை உருவாக்கிய இயற்கையான ஆள், அதாவது உடலும் உயிரும் உள்ள மனிதர் என்று வரைவிலக்கணம் இருக்கிறது. மெசினுக்கு அங்கே இடம் இல்லை. அதே சட்டத்தின் 7 ஆம் பிரிவு, தெரிவாலும் இணைப்பாலும் ஒழுங்காலும் அசலாக அமைந்த தொகுப்புகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே ஷூப் போன வழி இங்கேயும் எழுத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே பதிப்புரிமையைப் பதியத் தேவையில்லை. படைத்த உடனே உரிமை பிறந்துவிடும். அமெரிக்காவில் விண்ணப்பத்தைப் பார்க்கிற உத்தியோகத்தர் "இதில் மெசின் எழுதியது எது?" என்று கேட்பார். சொல்லாமல் மறைத்தால் பதிவே ரத்தாகலாம். இங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள். © போட்டு உங்கள் பெயரைப் போடலாம், பேசாமல் விற்கலாம். கேள்வி வருவது, ஒருநாள் இன்னொருவர் உங்கள் புத்தகத்தில் இருந்து உருவிவிட்டார் என்று நீங்கள் நீதிமன்றம் போகும்போதுதான். அன்றைக்கு மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி கேட்கப்போகும் முதல் கேள்வி, எந்த வசனம் உங்களுடையது என்பது. அப்போது காட்டுவதற்கு அந்த உரையாடல்களும், திகதி போட்ட பழைய பிரதிகளும், கையெழுத்துக் குறிப்புகளும் வேண்டும். அவற்றை அழித்துவிட்டவர் தன் பச்சையையும் நிரூபிக்க முடியாமல் நிற்பார்.

எங்கட ஆக்கள் பலர் சென்னையில் புத்தகம் போடுகிறவர்கள். அங்கே எழுத்து வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்த ஆளே படைப்பாளர் என்று ஒரு வரி இருக்கிறது. இன்றைய எழுத்து மென்பொருட்கள் பிறக்க முன்னம் எழுதிய வரி அது. அதை நம்பி ஒரு நாவலையே வைக்கலாமா என்பது வேறு கேள்வி. ஒரே பிரதிக்கு பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் இரண்டு விதமான உரிமை இருக்கக்கூடும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

"ஆனா அந்தக் கொம்பனியே எழுதியிருக்கு, வாற எழுத்தின்ர உரிமை பாவிக்கிற ஆளுக்குத்தான் எண்டு" என்று அவள் போனை நீட்டினாள். உண்மை. ஓப்பன்ஏஐயின் பாவனை நிபந்தனைகளில் அப்படித்தான் இருக்கிறது. தன்னிடம் ஏதாவது உரிமை இருந்தால் அதை உங்களுக்குத் தருவதாகச் சொல்கிறது. அந்த "இருந்தால்" முக்கியம். எங்கட ஊரில் காணி வாங்குகிறவர் உறுதியை மட்டும் பார்ப்பதில்லை, விற்கிறவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்றும் தேடிப் பார்ப்பார். விற்கிறவரிடமே உரித்து இல்லையென்றால் உறுதி எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் கையில் இருப்பது கடதாசிதான். அதே நிபந்தனைகள், இன்னொருவருக்கும் இதே மாதிரியான எழுத்து வரலாம் என்றும் சொல்லி வைத்திருக்கின்றன.

இதை ஒரு மனிதரை வைத்து எழுதுவித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசியல்வாதி ஒருவர் ஆளை வைத்துத் தன் சுயசரிதையை எழுதுவித்தால், எழுதியவர் ஒரு மனிதர். அவரிடம் உரிமை பிறக்கிறது, ஒப்பந்தத்தால் அதைக் கைமாற்ற முடிகிறது. படைப்பாளர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர். மெசினில் அந்த முதல் படியே இல்லை. பிறக்காத பிள்ளையைத் தத்துக் கொடுக்க முடியாது.

சட்டத்தை விடுவோம். வாசிக்கிறவருக்கு என்ன சொல்வது? 2024 ஜனவரியில் ஜப்பானின் அகுதகாவா பரிசு ரியே குடானுக்குக் கிடைத்தது. தன் நாவலில் ஏறக்குறைய 5 வீதம் சட்ஜிபிடி தந்த வசனங்கள் என்று அவர் சொன்னதும் உலகம் முழுக்கச் சத்தம். பிறகு அவரே விளக்கினார். நாவலுக்குள் ஒரு செயற்கை நுண்ணறிவு பாத்திரமாகப் பேசுகிறது, அது பதில் சொல்லும் இடங்களில்தான் அந்த வசனங்கள் இருக்கின்றன. மெசின் மெசினாகவே பேசுகிறது. அதை அங்கே வைத்தது ஓர் எழுத்தாளரின் முடிவு. எங்கட தோழியின் பிரதியில் மெசின் பேசுவது அம்மம்மாவின் வாயால். வீதம் எவ்வளவு என்பதை விட, எந்த இடத்தில், ஆருடைய குரலாக என்பது எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

அமேசன் 2023 செப்டெம்பரில் இருந்து தன்னிடம் நூல் வெளியிடுகிறவர்களைக் கேட்கிறது. மெசின் உருவாக்கிய எழுத்தை நீங்கள் எவ்வளவு திருத்தியிருந்தாலும் அதை மெசின் உருவாக்கியது என்றே அறிவிக்க வேண்டும். நீங்களே எழுதி, மெசினைக் கொண்டு பிழை திருத்தினால் அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் இந்த அறிவிப்பு அமேசனுக்கு மட்டும். வாங்கும் வாசகரின் கண்ணில் அது படாது. எங்கட புத்தகத்தில் அப்படிச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. அம்மம்மா பட்டதை நம்பி அழப்போகிறவருக்கு, அந்தப் பக்கத்தை எழுதியது ஆர் என்று கேட்க உரிமை இருக்கிறது.

கோடு போட்டுக்கொண்டு போனபோது மூன்றாவது நிறம் ஒன்று தேவைப்பட்டது. சில இடங்களில் வசனம் மெசினுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. போனில் பதிந்த அம்மம்மாவின் பேச்சை அவள் அப்படியே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறாள். மெசின் ஒரு கமாவை மட்டும் போட்டுத் திருப்பித் தந்திருக்கிறது. "கதவைப் பூட்டினனான். ஏன் பூட்டினனான் எண்டு இண்டைக்கும் தெரியாது." இது ஆருடைய வசனம்? எங்கட சட்டம் எழுத்தை மட்டும் காக்கவில்லை. சொற்பொழிவு, பிரசங்கம் முதலாக வாய்மொழிப் படைப்புகளையும் பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. அம்மம்மா ஓர் இயற்கையான ஆள். சொன்னது அவர். அவற்றை நீலத்தால் கோடு போட்டோம்.

இவ்வளவு நாளும் மெசினா அவளா என்று கதைச்சுக்கொண்டிருந்தம். மூண்டாவது ஆள் ஒருத்தர் அடுத்த அறையில இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவா. அவவிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல.

கேட்டாயிற்று. தோழி நீலப் பகுதிகளை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னார், எடுத்தாயிற்று. மற்றவற்றைப் போடலாம் என்றார். மஞ்சள் ஓடிய அந்த முதல் கிழமைப் பகுதியை வாசித்தபோது, "இது நான் இல்லை பிள்ளை" என்று சொன்னாராம். அந்த அத்தியாயங்களை அவள் இப்போது கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிட்டு எழுதுகிறாள். அதனால் புத்தகம் பிந்தும்.

இரண்டாம் பக்கம் மட்டும் தயார். பதிப்புரிமை இரண்டு பேரின் பெயரில் இருக்கும், முதலாவது அம்மம்மாவின் பெயர். அதற்குக் கீழே நாலு வரி: இந்த நாவலின் முதல் வரைவு எழுதித்தரும் மென்பொருள் ஒன்றின் உதவியோடு செய்யப்பட்டது. அதில் எஞ்சியிருக்கும் வசனங்கள் எந்தெந்த அத்தியாயங்களில் உள்ளன என்பது கடைசிப் பக்கத்தில் உள்ளது. அவற்றுக்கு நாங்கள் உரிமை கோரவில்லை. மற்றவை எங்களுடையவை.